நாலு கோட்டில் ஒரு கோடு மட்டும் இறங்கினால் அது விரிசலா?

எழும்பூர்_ட்ரெயினி
செவ்வாய், இரவு 10.40

மனநல ஆலோசனைப் பயிற்சியில ரெண்டாம் வருஷம் படிக்கிறேன். ஒரு கிளையண்ட் விஷயமா ரெண்டு நாளா மண்டை குடையுது. அடையாளம் தெரியாத மாதிரி விவரங்களை மாத்தித்தான் எழுதுறேன்.

அவங்களுக்கு முப்பதைத் தாண்டிய வயசு, தனியார் ஆபீஸ்ல கணக்குப் பிரிவு. தாம்பரம் பக்கத்துல இருந்து எலெக்ட்ரிக் ட்ரெயின்ல வேலைக்குப் போறவங்க. கூட்டத்துல நெஞ்சு படபடன்னு அடிச்சு, ஒரு நாள் மாம்பலத்துல பாதியில இறங்கிட்டாங்க. அதுல இருந்து ட்ரெயின்னாலே பயம். எண்ணத்தையும் நடத்தையையும் மாத்திப் பார்க்கிற சிபிடி முறையில போறேன். எண்ணப் பதிவு நோட்டு கொடுத்து வீட்ல எழுதச் சொல்லியிருக்கேன்.

ஒவ்வொரு செஷன் முடிவுலயும், அன்னிக்கு செஷன் எப்படி இருந்துச்சுன்னு கிளையண்ட்டே குறி போடுற எஸ்.ஆர்.எஸ். தாள் கொடுக்கிறோம். நாலு கோடு, ஒவ்வொண்ணும் பத்து சென்டிமீட்டர். முதல் கோடு, நான் அவங்களைக் கேட்டுப் புரிஞ்சுக்கிட்டேனா. ரெண்டாவது, பேச வேண்டியதைப் பேசினோமா. மூணாவது, நான் வேலை செய்யுற விதம் அவங்களுக்கு ஒத்து வருதா. நாலாவது, மொத்தத்துல இன்னிக்கு எப்படி. அவங்க கோட்டுல ஒரு குறி போடுவாங்க, நான் ஸ்கேல் வெச்சு அளப்பேன். மொத்தம் 40.

முதல் அஞ்சு செஷன்: 39.6, 39.8, 40, 40, 39.9.
ஆறாவது: 9.9, 9.8, 8.5, 9.9. மொத்தம் 38.1.

36-க்கு மேலதானே இருக்குன்னு ஃபைல்ல வெச்சு மூடிட்டேன். அடுத்த வாரம் வாட்ஸாப்புல, "வீட்ல ஃபங்ஷன் மேடம், வர முடியல"ன்னு செய்தி. அதுக்கடுத்த வாரம் இருபது நிமிஷம் லேட்டா வந்தாங்க, நோட்டு கொண்டு வரல. "எழுதக் கஷ்டமா இருக்கா?"ன்னு கேட்டேன். "அதெல்லாம் இல்ல மேடம், நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்"னாங்க. அன்னிக்கு நேரமே இல்லாம முடிஞ்சதால தாளும் கொடுக்கல.

இது எனக்கும் அவங்களுக்கும் நடுவுல சிகிச்சை உறவுல விழுந்த விரிசலா, இல்ல நானா கற்பனை பண்ணிக்கிறேனா? விரிசல்னா அடுத்த திங்கள் எப்படி ஆரம்பிக்கிறது?

---

வேளச்சேரி_விஜி
செவ்வாய், இரவு 11.15

கற்பனைதான். கட்-ஆஃப் 36. அதுக்குக் கீழ போனாத்தான் கவலை. 38 நல்ல மார்க். உறவுக் கோடு 9.9 இருக்கு, உங்க மேல நம்பிக்கை இருக்கு.

இது ஹோம்வொர்க் பிரச்சினை. பதட்டம் உள்ளவங்க எழுதுறதையும் தவிர்ப்பாங்க, தவிர்க்கிறதுதானே அவங்க நோயே. ஏன் எழுதணும்னு காரணத்தை இன்னொரு தடவை தெளிவா சொல்லுங்க, சின்ன அளவுல கொடுங்க, ஃபாலோ-அப் பண்ணுங்க. விரிசல்னு பெருசாக்கினா அவங்களே குழம்பிடுவாங்க.

---

அலுவலக_ஆலோசகர்
புதன், காலை 8.05

ஐடி கம்பெனியில ஊழியர் நல ஆலோசனைப் பிரிவுல இருக்கேன். எங்க அனுபவத்துல நேர்ல தாள் கொடுத்தா யாரும் உண்மை சொல்ல மாட்டாங்க. பேர் இல்லாம ஆன்லைன் ஃபார்ம் அனுப்புங்க, அஞ்சு நட்சத்திரம் வெச்சு. மாசக் கடைசியில சராசரி எடுத்தா உங்க சேவைத் தரம் தெரிஞ்சிடும். தனித்தனியா ஒவ்வொரு செஷனுக்கும் அளந்துட்டு இருந்தா வேலைக்கு ஆகாது.

---

பழைய_மாம்பலம்
புதன், காலை 9.30

ஆலோசகருக்கு முதலில். நீங்கள் சொல்வது ஹோட்டலில் பில்லோடு வரும் கருத்துச் சீட்டு. அது சேவையை அளக்க. இந்தத் தாள் அதற்கல்ல. இந்த மனுஷியோடு இன்றைக்கு நடந்த ஒரு மணி நேரத்தைப் பற்றி, அவர் எழுந்து போவதற்கு முன்னால், அவரிடமே பேச வாய் திறக்க ஒரு சாக்கு. பெயரை எடுத்துவிட்டால் யாரிடம் பேசுவீர்கள்? சராசரி எடுத்தால் அந்த 8.5 எங்கே போயிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

விஜி சொன்னது பாதி சரி. 36 என்ற கணக்கு உண்மைதான், ஆனால் அதற்கு இன்னொரு பாதி உண்டு: எந்த ஒரு கோடாவது 9-க்குக் கீழே வந்தாலும் அதைப் பற்றிக் கேட்க வேண்டும். அந்த 36-கூட "பாஸ் மார்க்" இல்லை. பெரும்பாலோர் மிக உயரத்திலேயே குறி போடுகிறார்கள், அதனால்தான் எல்லைக்கோடு அவ்வளவு மேலே இருக்கிறது. இவருடைய சொந்தக் கணக்கைப் பாருங்கள். ஐந்து வாரம் கோட்டின் ஓரத்திலேயே குறி போட்டவர், ஒரு வாரம் ஒரே ஒரு கோட்டில் கையை ஒன்றரை சென்டிமீட்டர் பின்னுக்கு இழுத்திருக்கிறார். நம் ஊரில் "மேடம், எனக்கு இது பிடிக்கலை" என்று முகத்துக்கு நேரே சொல்ல முடியாதவர்கள்தான் அதிகம். அவர்களுக்கு அந்த ஒன்றரை சென்டிமீட்டர் ஒரு கூச்சல்.

எந்தக் கோடு என்பதும் முக்கியம். உளவியலாளர் எட்வர்ட் போர்டின் 1979-ல் சிகிச்சையாளருக்கும் கிளையண்டுக்கும் உள்ள உறவை மூன்றாகப் பிரித்தார்: எங்கே போகிறோம் என்பதில் ஒப்புதல், அதற்காக என்ன செய்கிறோம் என்பதில் ஒப்புதல், இருவருக்கும் இடையில் உள்ள பிணைப்பு. எஸ்.ஆர்.எஸ். தாளின் முதல் மூன்று கோடுகளும் ஏறக்குறைய இவைதாம். உங்கள் கிளையண்டுக்கு நீங்கள் பிடிக்கும், ட்ரெயின் பயம் போக வேண்டும் என்பதும் அவர் ஆசைதான். நீங்கள் செய்யச் சொல்கிற வேலைதான் இடிக்கிறது. பிணைப்பு நன்றாக இருப்பதாலேயே அதைச் சொல்ல முடியவில்லை என்றும் இருக்கலாம். பிடித்த டீச்சரிடம் "புரியலை" என்று சொல்வது இன்னும் கஷ்டம்.

இப்போது மற்றதை வரிசையாக வையுங்கள். குறி இறங்கியது, அடுத்த வாரம் வரவில்லை, தாமதம், நோட்டு இல்லை, "நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்." இந்த விரிசல்களை ஆராய்ந்த சாஃப்ரானும் முரானும் அவற்றை இரண்டு வகையாகப் பார்த்தார்கள். ஒன்று, எதிர்த்துக் கேட்பது, கோபப்படுவது. மற்றது, ஒதுங்கிப் போவது: ஆமோதித்துக்கொண்டே விலகுவது, பேச்சை மாற்றுவது, மேலோட்டமாகப் பதில் சொல்வது. இது இரண்டாவது வகை. ட்ரெயினிகள் அதிகம் தவறவிடுவது இதைத்தான், ஏனென்றால் அந்த அறையில் யாரும் குரலை உயர்த்துவதில்லை. பார்க்க நல்ல செஷன் மாதிரியே இருக்கும்.

---

வேளச்சேரி_விஜி
புதன், காலை 10.02

9-க்குக் கீழ ஒரு கோடு வந்தாலும் கேட்கணும்கிறது எனக்குத் தெரியாது. ஒத்துக்கிறேன். ஆனா காரணத்தை மறுபடி விளக்குறதும் விரிசலைச் சரிசெய்யுற ஒரு வழின்னுதானே சொல்லிக் கொடுத்தாங்க?

---

பழைய_மாம்பலம்
புதன், காலை 10.20

அதுவும் வழிதான், வேலையையே மாற்றிக்கொள்வதும் வழிதான். சில நேரம் அதுவே போதும், உறவைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேச வேண்டாம். ஆனால் எதனால் இடிக்கிறது என்று கேட்காமலே விளக்கினால், தலையாட்டுகிறவர் இன்னொரு முறை தலையாட்டுவார். விரிசலுக்கு மேல் சுண்ணாம்பு அடித்த மாதிரி.

---

எழும்பூர்_ட்ரெயினி
புதன், பிற்பகல் 1.10

மேடம், திங்கள் எப்படிக் கேட்கிறது? "என்கிட்ட ஏதாவது பிரச்சினையா?"ன்னு கேட்டா "ஐயோ இல்ல மேடம்"னுதான் வரும்.

---

பழைய_மாம்பலம்
புதன், மாலை 4.45

வரும். அந்தக் கேள்விக்கு வேறு பதிலே கிடையாது, அப்படிக் கேட்பது உங்களுக்கு ஆறுதல் சொல்லச் சொல்வது மாதிரி. அகலமாகக் கேட்காதீர்கள், குறுக்கிக் கேளுங்கள்.

செஷன் ஆரம்பத்திலேயே கேளுங்கள். கடைசி ஐந்து நிமிஷத்துக்கு விடாதீர்கள். ஆறாவது வாரத் தாளை இருவருக்கும் நடுவில் வையுங்கள். நான் பேசினால் இப்படிப் பேசுவேன்: "இந்த மூணாவது கோட்டுல உங்க குறி கொஞ்சம் இந்தப் பக்கம் வந்திருக்கு. அன்னிக்கே நான் கேட்டிருக்கணும், கேட்காம விட்டது என் தப்பு. அந்த வாரம் நோட்டு விஷயமா நாம பேசினோம். அதுல எந்த இடம் உங்களுக்கு ஒட்டலைன்னு தெரிஞ்சா எனக்கு உதவியா இருக்கும்."

இதில் மூன்றைக் கவனியுங்கள். தாளைக் காட்டுவதால் புகார் சொல்வது அவர் இல்லை, கோடு. தவறவிட்டது நான் என்று முதலில் சொல்லிவிட்டதால் அவர் என்னைக் காப்பாற்ற வேண்டியதில்லை. "ஏதாவது குறையா" என்று கேட்காமல் "எந்த இடம்" என்று கேட்பதால், குறை இருப்பது சகஜம் என்று ஏற்கெனவே ஒத்துக்கொண்டாகிவிட்டது.

பிறகு வாயை மூடிக்கொண்டு இருங்கள். பத்து விநாடி மௌனம் உங்களுக்குப் பத்து நிமிஷமாகத் தெரியும். அந்த இடத்தில் "பரவாயில்லை, சும்மா கேட்டேன்" என்று நீங்களே மூடிவிட்டால், இனி கேட்டாலும் அவர் சொல்ல மாட்டார்.

எதைச் சொன்னாலும் முதல் வாக்கியத்தில் விளக்கம் கொடுக்காதீர்கள். "ஆனா அது எதுக்குன்னா" என்று ஆரம்பித்தால் தாள் வீண்.

---

அடையாறு_ஆலமரம்
புதன், இரவு 9.30

சைக்கோடைனமிக் பக்கம் பயிற்சி எடுத்தவன். எனக்கு இந்த ஸ்கேல் வைத்து அளக்கும் வேலையிலேயே சங்கடம் இருக்கிறது. கிளையண்ட் அழுது முடித்து, ஏதோ ஒன்று மெல்ல மேலே வருகிற நேரத்தில் தாளையும் பேனாவையும் நீட்டுகிறோம். "சரி, மார்க் போடுங்க." அந்த நிமிஷம் அறுந்துபோகிறது. மேலும், எல்லாரையும் திருப்திப்படுத்துகிறவர் நமக்கும் நாற்பது போடுகிறார். அதுதானே அவருடைய கதை? அதை அளவுகோல் பிழை என்று எடுத்துக்கொள்வதா, அவரைப் பற்றிய செய்தி என்று எடுத்துக்கொள்வதா?

---

பழைய_மாம்பலம்
புதன், இரவு 10.10

இரண்டாவதற்கு நானும் கை தூக்குகிறேன். ஆனால் நாற்பது செய்தி என்று தெரிவதற்கே தாள் வேண்டியிருந்தது இல்லையா? முதலாவது நியாயமான புகார். அழுகை நடுவில் தாள் நீட்டினால் அது கருவியின் பிழை இல்லை, நேரத்தைப் பிடிக்கத் தெரியாததுதான். தாளுக்கு ஒன்று, அதைப் பற்றிப் பேச நாலைந்து நிமிஷம் என்று ஒதுக்கிப் பேச்சை முன்னதாகவே இறக்க வேண்டும். எனக்கும் எல்லா நாளும் அது வாய்ப்பதில்லை.

---

கோடம்பாக்கம்_கார்த்தி
புதன், இரவு 11.50

என் கதையையும் சொல்லிடறேன். எனக்கு நடந்தது எதிர்த்துக் கேட்கிற வகை.

பையன் ஸ்கூலுக்குப் போக மாட்டேங்கிறான்னு ஒரு அப்பா தனியா வந்தார். மூணாவது செஷன்ல, "தம்பி, உங்களுக்குக் கல்யாணம் ஆச்சா? பிள்ளைங்க இருக்கா?"ன்னு கேட்டார். எனக்கு இருபத்தஞ்சு வயசு. சுருக்குன்னு இருந்துச்சு. "சார், அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல, நாங்க இதுக்குன்னே படிச்சிருக்கோம்"னு சொன்னேன். அவர் "சரிங்க"ன்னு அமைதியாயிட்டார். அன்னிக்குத் தாள்ல மொத்தம் 22. அதைப் பார்த்து எனக்குக் கை நடுங்குச்சு. எதுவும் கேட்கல. அடுத்த வாரம் பேசலாம்னு இருந்தேன். அடுத்த வாரம் அவர் வரல. மூணு வாரம் ஆச்சு.

22 போட்ட ஆளு உண்மையா பேசத் தயாரா இருந்தார்னு இப்பத்தான் புரியுது. நாற்பது போட்டவங்களை எல்லாம் நல்ல கிளையண்ட்டுன்னு நினைச்சுட்டு இருந்திருக்கேன்.

---

பழைய_மாம்பலம்
வியாழன், காலை 7.15

கார்த்தி, அவர் கேட்டது உங்கள் கல்யாணத்தைப் பற்றி இல்லை. "நான் படுகிற பாடு உனக்குப் புரியுமா" என்பதுதான் கேள்வி. "இன்னும் ஆகலை சார். ஒரு பிள்ளையைக் காலையில எழுப்பி அனுப்புற கஷ்டம் எனக்கு நேரடியாத் தெரியாது. நான் சொன்னதுல எது அனுபவம் இல்லாத பேச்சா பட்டுச்சு?" என்று கேட்டிருந்தால் அவருக்கு நிற்க இடம் கிடைத்திருக்கும். உங்களுக்குச் சுருக்கென்றதும் இயல்புதான், எனக்கும் இருபத்தைந்தில் சுருக்கென்றது.

மூன்று வாரம் ஒன்றும் அதிகமில்லை. உங்கள் சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டு ஒரு முறை போன் செய்யுங்கள். ஒரே முறை. வரச் சொல்லி வற்புறுத்த அல்ல, அன்றைக்கு அவர் கேட்ட கேள்விக்கு நான் சரியாகப் பதில் சொல்லவில்லை என்று சொல்ல.

---

செராக்ஸ்_பிரச்சினை
வியாழன், காலை 11.00

நடுவுல ஒரு அற்ப விஷயம். எல்லாரும் உங்க தாள்ல கோட்டை ஒரு தடவை அளந்து பாருங்க. எங்க சென்டர்ல ஒரு மாசமா யாருக்கும் 37.6-க்கு மேல வரவே இல்ல. எல்லா கிளையண்ட்டும் ஒரே நேரத்துல அதிருப்தியான்னு குழம்பினோம். கடைசியில பார்த்தா ஜெராக்ஸ் கடைக்காரர் பக்கத்துல அடங்கட்டும்னு கொஞ்சம் சுருக்கி எடுத்திருக்கார். கோடு 9.4 சென்டிமீட்டர். நாலு கோட்டுலயும் கடைசி ஓரத்துல குறி போட்டாலும் 37.6தான் வரும்!

---

எழும்பூர்_ட்ரெயினி
வியாழன், காலை 11.20

இப்பவே அளந்தேன். 10.0. அப்பாடா. இல்ல, அப்பாடாவும் இல்ல, அப்ப அந்த 8.5 நிஜம்தான்.

---

தரவரிசை_வேண்டாம்
வியாழன், இரவு 8.40

நான் முன்னாடி பயிற்சி எடுத்த ஒரு இடத்துல (பேர் வேண்டாம்) எல்லா ட்ரெயினியோட எஸ்.ஆர்.எஸ். சராசரியையும் மாசாமாசம் போர்டுல ஒட்டுவாங்க. ரெண்டே மாசத்துல எல்லாருக்கும் 39-க்கு மேல. எப்படின்னா, தாள் கொடுக்கும்போது நாங்க பக்கத்துலயே நின்னு சிரிச்சுட்டு இருப்போம். சில பேர் "இது என் இன்டர்னல் மார்க்குக்கு"ன்னு சொல்லியே கொடுத்தாங்க. நானும் ஒரு தடவை சொன்னேன். இப்ப நினைச்சா வெட்கமா இருக்கு.

எனக்கு ஒரு கேள்வி. கிளையண்ட் குறி போடும்போது நாம அறையை விட்டு வெளியே போயிடலாமா?

---

பழைய_மாம்பலம்
வியாழன், இரவு 9.20

ட்ரெயினிகளை வரிசைப்படுத்தப் பயன்படுத்திய நாளிலிருந்து அந்தத் தாள் வெறும் காகிதம். சூப்பர்வைசராக நான் எண்களைப் பார்ப்பேன், ஆனால் குறைந்த எண்ணோடு வருகிறவரைத்தான் முதலில் உட்கார வைத்துப் பேசுவேன். மூன்று மாதமாக எல்லாரிடமும் நாற்பது வாங்குகிற ட்ரெயினியைப் பார்த்தால்தான் எனக்குக் கவலை.

வெளியே போவது பற்றி, நான் போவதில்லை. முகத்தைத் திருப்பிக் குறிப்பு எழுதுகிற மாதிரி இருப்பேன். போனால் பரீட்சை ஹால் மாதிரி ஆகிவிடுகிறது, தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போகிறார்கள்.

---

அடையாறு_ஆலமரம்
வியாழன், இரவு 9.45

இதில் நான் மாறுபடுகிறேன். நம் ஊரில் எதிரே "டாக்டர்" உட்கார்ந்திருக்கும்போது யாரும் குறியைக் கீழே இறக்க மாட்டார்கள். முகத்தைத் திருப்பினாலும் ஒரு கண் நம் மேல்தான் இருக்கும். இரண்டு நிமிஷம் தண்ணீர் எடுத்துவரப் போவதில் என்ன குடி முழுகிவிடும்?

---

நர்ஸ்_டு_கவுன்சிலர்
வெள்ளி, காலை 6.50

நான் பார்க்கிறவங்கள்ல பாதிப் பேருக்குத் தாளைப் படிக்க வராது. வாயாலதான் கேட்கிறேன். "இன்னிக்கு நாம பேசினது ரூபாய்க்கு எத்தனை பைசா சரியா வந்துச்சு?"ன்னு கேட்டா டக்குனு புரிஞ்சுக்கிறாங்க. ஒரு பாட்டி "எழுபத்தஞ்சு பைசா"ன்னாங்க. "மீதி இருபத்தஞ்சு பைசா எங்க போச்சு பாட்டி?"ன்னு கேட்டேன். "நீ கடிகாரத்தைப் பார்த்துட்டே இருந்தியே"ன்னு சொல்லிட்டாங்க. பார்த்துட்டுத்தான் இருந்தேன், ட்யூட்டி முடியுற நேரம்.

---

பழைய_மாம்பலம்
வெள்ளி, காலை 8.00

அருமையான கேள்வி, எடுத்துக்கொள்கிறேன். ஒன்று மட்டும்: இந்த எண்ணைத் தாளின் எண்ணோடு சேர்த்து ஒரே வரைபடத்தில் போடாதீர்கள். வாயால் கேட்டால் மரியாதை கூடும், பைசாவும் கூடும். அந்தப் பாட்டி விதிவிலக்கு.

---

எழும்பூர்_ட்ரெயினி
திங்கள், இரவு 9.15

இன்னிக்கு செஷன் முடிஞ்சது. நீளமா எழுதுறேன், பொறுத்துக்குங்க.

தாளை நடுவுல வெச்சேன். மேடம் சொன்ன மாதிரியே, கிட்டத்தட்ட அதே வார்த்தையில, அன்னிக்கே கேட்காதது என் தப்புன்னு சொன்னேன். அவங்க தாளையே பார்த்துட்டு இருந்தாங்க. "அது சும்மா கை தவறிப் போட்டது மேடம்"னாங்க. நான் மூடப் பார்த்தேன், நிஜமா. "ஓ சரி"ன்னு வாய் வரைக்கும் வந்துச்சு. நிறுத்திட்டு, "கை தவறினதாவும் இருக்கலாம். ஆனா நோட்டு விஷயத்துல உங்களுக்கு ஏதோ ஒட்டலையோன்னு எனக்கும் தோணுது"ன்னேன். அப்புறம் மௌனம். ஃபேன் சத்தம் மட்டும்.

அப்புறம் சொன்னாங்க. "நோட்டுல நீங்க சிவப்புல எழுதினீங்க மேடம்."

அஞ்சாவது வாரம் அவங்க எழுதிட்டு வந்திருந்தாங்க. 'எண்ணம்'கிற கட்டத்துல "பயமா இருந்துச்சு"ன்னு எழுதியிருந்தாங்க. நான் "இது எண்ணம் இல்ல, உணர்ச்சி"ன்னு சொல்லி அம்புக்குறி போட்டு அடுத்த கட்டத்துக்கு மாத்தினேன். கையில இருந்தது சிவப்புப் பேனா. ஆறாவது வாரமும் அதே மாதிரி ரெண்டு இடத்துல. எனக்கு ஞாபகமே இல்ல.

"முப்பது வயசுக்கு மேல டியூஷன்ல தப்பு வாங்கின மாதிரி இருந்துச்சு. அந்த நோட்டை வீட்ல மாமியார் எடுத்துப் பார்த்துட்டாங்க. என்னம்மா பரீட்சையான்னு சிரிச்சாங்க. அதுக்கப்புறம் எழுதவே கை வரல"ன்னாங்க.

விளக்கம் தொண்டை வரைக்கும் வந்துச்சு. விழுங்கிட்டேன். "நீங்க மனசைத் திறந்து எழுதினதை நான் திருத்தியிருக்கேன். சிவப்புப் பேனாவுல வேற. கூச்சமா இருந்திருக்கும். சொன்னதுக்கு நன்றி"ன்னேன். இன்னொண்ணும் உண்மைன்னு எனக்குத் தெரியும்: கேஸ் ஃபைல்ல நிரப்பின நோட்டுப் பக்கம் வைக்கணும், அந்த அவசரத்துலதான் கட்டம் கட்டமா சரி பண்ணினேன். "எனக்கு அதைச் சரியா முடிக்கணும்னு ஒரு அவசரம் இருந்துச்சு, அது உங்க மேல விழுந்திருச்சு"ன்னு மட்டும் சொன்னேன். அவங்க முகம் லேசாச்சு.

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். நான் அடுத்த நிமிஷமே, "ஆபீஸ்லயும் மேனேஜர் ஏதாவது சொன்னா இப்படித்தான் சொல்லாம உள்ளுக்குள்ள வெச்சுக்குவீங்களா?"ன்னு கேட்டேன். "ஆமா மேடம்"னாங்க. பழைய குரல். கதவு சாத்தின மாதிரி இருந்துச்சு.

ஒரு நிமிஷம் கழிச்சு, "இப்பவும் அவசரப்பட்டுட்டேனோ?"ன்னேன். சிரிச்சாங்க, "கொஞ்சம்"னாங்க. அவங்க வாயில இருந்து வந்த முதல் 'இல்லை'ன்னு நினைக்கிறேன்.

நோட்டு வேண்டாம்னு முடிவு பண்ணினோம். ட்ரெயின்ல என்ன தோணுதோ அதை இறங்கினதும் போன்ல தனக்குத்தானே பேசி ரெக்கார்ட் பண்ணிட்டு, பிடிச்சதை மட்டும் எனக்குப் போட்டுக் காட்டுறாங்க. அடுத்த வாரம் கூட்டம் இல்லாத நேரத்துல தாம்பரத்துல ஏறி ரெண்டு ஸ்டேஷன் மட்டும்.

கடைசியில தாள்: 9.1, 9.6, 9.2, 9.0. மொத்தம் 36.9. முன்ன விடக் குறைஞ்சிருக்கு!! இவ்வளவு பண்ணியும்.

---

பழைய_மாம்பலம்
திங்கள், இரவு 10.30

மூன்றாவது கோடு 8.5-லிருந்து 9.2 ஆகியிருக்கிறது. இடித்த இடம் அதுதானே? மற்ற மூன்றும் கோட்டின் ஓரத்தை விட்டு உள்ளே வந்திருக்கின்றன. உறவு கெட்டது என்று இதைப் படிக்கலாம், இனி உங்களிடம் மரியாதைக்குக் குறி போட வேண்டாம் என்று அவர் முடிவு செய்தார் என்றும் படிக்கலாம். நான் இரண்டாவதைப் படிக்கிறேன். ஆனால் இது ஒரு வாரத் தாள். அடுத்த வாரம் நேரத்துக்கு வருகிறாரா, தானாக எதையாவது மறுக்கிறாரா என்பதையும் சேர்த்துப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

மேனேஜர் கேள்வி தப்பில்லை, நேரம் தப்பு. நீங்கள் உங்கள் பங்கை ஒத்துக்கொண்டு முடிக்கும் முன்பே "உங்க குணமே இப்படித்தானோ" என்று விரல் அவர் பக்கம் திரும்பிவிட்டது. அப்படித்தான் அவருக்குக் கேட்டிருக்கும். அந்த இணைப்பை அவரே ஒரு நாள் போடுவார், அதுவரை அது உங்கள் குறிப்பில் இருக்கட்டும். உடனே திரும்பி வந்து "அவசரப்பட்டேனோ" என்று கேட்டீர்களே, அதுதான் இன்றைய செஷனில் இரண்டாவது விரிசலும் இரண்டாவது ரிப்பேரும். முதலாவதைவிட அது சுத்தம்.

---

வேளச்சேரி_விஜி
திங்கள், இரவு 10.50

நான் சொன்னபடி "ஏன் எழுதணும்"னு இன்னொரு தடவை விளக்கியிருந்தா என்ன ஆகியிருக்கும்னு யோசிச்சேன். சிவப்புப் பேனாவோட சேர்த்து போர்டும் சாக்பீஸும் ஆயிருக்கும்.

ஒரு சந்தேகம் மட்டும். இப்படி விரிசலைச் சரிசெய்யுற பயிற்சி கொடுத்தா ரிசல்ட் நல்லாகும்னு ஆய்வு இருக்கா, இல்ல நம்பிக்கைதானா?

---

பழைய_மாம்பலம்
திங்கள், இரவு 11.20

விரிசல் சரியான சிகிச்சைகளில் பலன் கூடுதலாக இருந்தது என்று 2018-ல் யூபாங்க்ஸ் குழு 11 ஆய்வுகளைத் தொகுத்துச் சொன்னது. மிதமான தொடர்பு. அதே கட்டுரையில், சிகிச்சையாளர்களுக்கு இதற்கென்று பயிற்சி கொடுத்ததால் கிளையண்டுகளுக்கு பலன் கூடியதா என்றும் பார்த்தார்கள். சராசரியில் தெளிவான வித்தியாசம் தெரியவில்லை. நான் இதைச் சொல்லிக் கொடுத்துப் பிழைக்கிறவள், அதனால் இந்தப் பாதியையும் சொல்லியாக வேண்டும்.

---

எழும்பூர்_ட்ரெயினி
திங்கள், இரவு 11.35

நன்றி மேடம். கேஸ் ஃபைல்ல நோட்டுப் பக்கத்துக்குப் பதிலா என்ன வைக்கிறதுன்னு தெரியல. ரெக்கார்டிங்கை வைக்க மாட்டேன், அது அவங்களோடது. நாளைக்கு எங்க சார்கிட்டதான் கேட்கணும். சிவப்புப் பேனாவைப் பையில இருந்து எடுத்துட்டேன்.

---

கோடம்பாக்கம்_கார்த்தி
செவ்வாய், மாலை 6.05

சூப்பர்வைசர்கிட்ட சொல்லிட்டு அந்த அப்பாவுக்குப் போன் போட்டேன். "சார், அன்னிக்கு நீங்க கேட்டதுக்கு நான் ஒழுங்கா பதில் சொல்லல. கல்யாணம் ஆகல, பிள்ளைங்க இல்ல. உங்க கஷ்டம் எனக்கு முழுசாப் புரியலைன்னு நீங்க நினைச்சிருந்தா அது நியாயம்தான்"னேன். பின்னாடி பஸ் ஹாரன் சத்தம். "அதுக்காகவா தம்பி போன் போட்டீங்க?"ன்னார். ஆமான்னேன். "பையன் நேத்து ஒரு நாள் போனான். பார்க்கலாம் தம்பி"ன்னு வெச்சுட்டார்.

வருவாரா தெரியல. வியாழக்கிழமை அவரோட பழைய நேரத்தை வேற யாருக்கும் கொடுக்காம வெச்சிருக்கேன்.